பாட்டில் மழைமானியும் பத்துப் புளியங்கொட்டையும்

கேள்வி: மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராம நூலகம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு, நவம்பரில் ஒரு வாரம் மழைக் கணிப்பு விளையாட்டு நடத்தலாம் என்று இருக்கிறேன். கருவிகளைப் பழைய பொருட்களில்தான் செய்ய வேண்டும். வீடியோ பார்த்து ஒரு பலூன் பாரோமீட்டர் செய்தேன். தினமும் மத்தியானம் மழை வரும் என்கிறது, வருவதில்லை. எதையெல்லாம் செய்வது, மார்க் எப்படிப் போடுவது?

பதில்:

முதலில் அந்த பாரோமீட்டரைப் பார்த்துவிடுவோம். நீங்கள் செய்ததில் பிழை இல்லை. அது பெரும்பாலும் வெப்பமானியாகத்தான் வேலை செய்யும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால், அதன் அழுத்தம் முந்நூறில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிபாருக்குச் சற்று மேல் கூடும். காலைக்கும் மத்தியானத்துக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் என்றால் உள்ளே பதினேழு மில்லிபார் தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமோ நம் பக்கத்தில் சாதாரண நாளில் மூன்று நான்கு மில்லிபார்தான் ஏறி இறங்கும். பாட்டில் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் சவ்வு மேலே உப்பும்போது, அதன் மேல் ஒட்டிய குச்சியின் வெளி முனை கீழே இறங்குகிறது, அட்டையில் அந்த இடத்தில் ‘மழை’ என்று எழுதியிருக்கிறது. மத்தியான மழையின் ரகசியம் அவ்வளவுதான். போதாக்குறைக்கு, வெயிலே இல்லாத நாளிலும் வெளியழுத்தம் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய் மாலை நான்கு மணி வாக்கில் இறங்கும். வெப்ப மண்டலம் முழுக்க நடக்கும் ஏற்ற இறக்கம் அது. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அதனால் பலூன் பாட்டிலைக் கணிப்புக்கு வைக்காதீர்கள். தூக்கிப் போடவும் வேண்டாம். முதல் நாள் ஒரு பிள்ளையை அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் முள் ‘மழை’ பக்கம் நகரும். கருவி காட்டுவதெல்லாம் உண்மை இல்லை, எதனால் நகர்கிறது என்று கேட்க வேண்டும் என்பது அந்தக் கணமே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அழுத்தம் வேண்டுமென்றால், யாருடைய கைபேசியிலாவது அழுத்த உணரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மட்டும் குறியுங்கள். நேற்றுக் காலை 8:30-க்கும் இன்று காலை 8:30-க்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டால் பழைய தவறுதான் திரும்ப வரும்.

உங்கள் விளையாட்டுக்கு உயிர் மழைமானி. தீர்ப்புச் சொல்வது அதுதான் என்பதால் நேரத்தை அதில் செலவழியுங்கள். பக்கம் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தோள் சரிவு முடிந்து நேர்ப்பக்கம் தொடங்கும் இடத்தில் சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டுவது பெரியவர் வேலை. மூடியைக் கழற்றிவிட்டு மேல்பாதியைத் தலைகீழாக உள்ளே இறக்கினால் புனல் ஆயிற்று. விளிம்பு உள்ளே நழுவாமல் இரண்டும் சமமாக நிற்கும்படி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். டேப் விளிம்பை விறைப்பாகவும் வைக்கும். அது முக்கியம், ஏனென்றால் வெட்டிய பாட்டில் வாய் முட்டை வடிவத்துக்குப் போகப் பார்க்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும்வரை விளிம்பைச் சரிசெய்யுங்கள்.

வீடியோக்களில் பாட்டிலின் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டி மில்லிமீட்டர் படிப்பார்கள். பாட்டிலின் அடி ஐந்து குமிழாகப் பள்ளமும் மேடுமாக இருப்பதால் சின்ன மழையில் அந்த அளவு பொய் சொல்லும். அடியைச் சிமெண்ட் ஊற்றிச் சமன்செய்யலாம், கல் போட்டுப் பூஜ்யக் கோடு வரை தண்ணீர் நிரப்பலாம். இரண்டைவிடவும் நல்ல வழி, சேர்ந்த தண்ணீரை வெளியே ஊற்றி அளப்பது. வாயின் குறுக்களவு 11 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 95 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 9.5 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். மருந்துக்கடையில் ஊசி இல்லாமல் புது 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொண்டால் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். மொத்த மில்லிலிட்டரை 9.5-ஆல் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் வந்துவிடும். உங்கள் பாட்டிலின் குறுக்களவு வேறாக இருந்தால் அந்த 9.5 மாறும்: ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, பத்தால் வகுங்கள். குறுக்களவில் அரை சென்டிமீட்டர் தவறினால் மழைக்கணக்கில் பத்து சதவீதம் போய்விடும். அதனால்தான் விளிம்பைப் பற்றி இவ்வளவு சொன்னேன்.

வைக்கும் இடம் தவறினால் கருவி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. பாட்டிலைப் பழைய பெயிண்ட் வாளிக்குள் நிறுத்தி, சுற்றி மணலும் செங்கல் துண்டும் போட்டு இறுக்குங்கள். பாட்டிலின் வாய் வாளி விளிம்புக்கு மேலே ஒரு சாணாவது நீட்டிக்கொண்டு இருக்கட்டும். இல்லையென்றால் வாளி விளிம்பில் பட்டுத் தெறிக்கும் துளி உள்ளே போகும். பக்கத்தில் இருக்கும் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். பத்தடிச் சுவர் என்றால் இருபது அடி. வாடையோடு வரும் சாரல் சாய்வாகத்தான் விழும், அதைச் சுவர் மறைத்துவிடும். மொட்டை மாடி வசதிதான், ஆனால் கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழலும் காற்று மழையை மானியின் தலைக்கு மேலே கடத்திக்கொண்டு போய்விடும். தரையில் திறந்த இடம் கிடைத்தால் அதுவே மேல். முடிந்தால் இரண்டு மானி செய்து ஆறடி இடைவெளியில் வையுங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஒன்றில் ஏதோ கோளாறு. பெரும்பாலும் புனல் கழுத்தில் இலை அடைத்திருக்கும், அல்லது பாட்டில் சாய்ந்திருக்கும். மேல்பாதி வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டில் ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் மழை வரைதான் தாங்கும். டெல்டாவில் புயல் நாளில் அதையும் தாண்டுவது உண்டு என்பதால், பெரிய மழை அறிவித்திருந்தால் இரவிலேயே ஒருமுறை அளந்து கொட்டிவிடுங்கள், மறுநாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மழை இல்லாத நாளிலும் மானியைக் கவிழ்த்துத் துடைத்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

காற்றுத் திசைகாட்டிக்குப் பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை மணல் நிரப்பிய பாட்டிலில் நேராக நிறுத்தி, அதன் முனையில் அடி மூடிய பேனா மூடியைக் கவிழ்த்தால் உராய்வு குறைந்த அச்சாணி கிடைக்கும். மூடியின் மேல் ஒரு அடி நீளக் குச்சியைக் கட்டி, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டிய பெரிய வாலை ஒரு பக்கமும், சின்னத் தலையை மறுபக்கமும் செருகுங்கள். தலைப்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, குச்சி சமமாக நிற்கும்படி எடையைச் சரிசெய்யுங்கள். எடை சமமாக இல்லாவிட்டால் மூடி ஸ்போக்கில் சாய்ந்து உரசி நின்றுவிடும். தலை காட்டும் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. வடக்கு நோக்கிக் காட்டினால் அது வடகாற்று, நம் ஊரில் வாடை. கிழக்கைக் காட்டினால் கொண்டல். பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் நாள் இதைத் தலைகீழாகத்தான் எழுதுவார்கள். பதிவேட்டில் ‘எங்கிருந்து’ என்று தலைப்பிட்டுவிட்டால் குழப்பம் தீரும். வேகத்துக்கு நான்கு கப் வைத்துச் சுற்றும் கருவி செய்யப் பலர் ஆசைப்படுவார்கள். சுற்றை எண்ணலாம், ஆனால் எத்தனை சுற்றுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவி இல்லாமல் சொல்ல முடியாது. அதைவிட மரத்தைப் பார்ப்பது நம்பகமானது: இலை மட்டும் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர், இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19, புழுதியும் காகிதமும் கிளம்பி சின்னக் கிளைகள் ஆடினால் 20 முதல் 28. கடலோடிகளுக்காக வந்த பியூஃபோர்ட் அளவுகோலின் தரை வடிவம் இது.

ஈரப்பதத்துக்கு இரண்டு ஆல்கஹால் வெப்பமானி வேண்டும். இவற்றை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது, பாதரசம் உள்ளது பிள்ளைகள் கையில் வேண்டாம். இரண்டையும் முதலில் ஒரே குவளைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து, வித்தியாசம் இருந்தால் எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் பழைய பனியன் துணியைச் சுற்றி, அதன் நுனி சின்ன டப்பாத் தண்ணீரில் முங்கியிருக்கட்டும். நிழலில், காற்றோட்டத்தில், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் தொங்கவிட்டு, படிக்கும் முன் இரண்டு நிமிடம் விசிறியால் வீசுங்கள். உலர்ந்தது 30, ஈரமானது 26 என்றால் ஈரப்பதம் சுமார் 73 சதவீதம். உலர்ந்தது 32, ஈரமானது 24 என்றால் சுமார் 52. ஆனால் உங்கள் ஊரில் நவம்பரில் மழை நாள், மழையில்லாத நாள் இரண்டிலும் காலை ஈரப்பதம் அதிகமாகவே இருக்கும், அதனால் கணிப்புக்கு இந்த எண் அதிகம் உதவாது. நேரம் குறைவென்றால் இதை விட்டுவிடலாம், விளையாட்டு கெடாது.

இனி விளையாட்டு. பிள்ளைகளை மூன்று மூன்று பேராக ஐந்து குழுவாக்குங்கள். அளவெடுக்கும் நேரம் காலை 8:30. இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதும் மழையை அளக்கும் நேரம் அதுதான், உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஏழு கணிப்புக்கு எட்டுக் காலைகள் வேண்டும் என்பதால் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு முடியுங்கள். தினமும் ஒரே கேள்வி: நாளைக் காலை 8:30-க்கு நம் மானியில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்குமா? 2.5 என்பது அந்தத் துறை ‘மழை நாள்’ என்று எண்ணும் எல்லை. இந்த எல்லையை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டாவிட்டால், நாலு தூறல் விழுந்த நாளில் சண்டை நிச்சயம். உங்கள் கடலோரத்தில் வடகிழக்குப் பருவ மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் பெய்வது சகஜம். அது அந்தக் காலை அளவில் சேரும், அதாவது நேற்றுக் கொடுத்த கணிப்புக்குத்தான் சேரும் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

‘வரும்’, ‘வராது’ என்று மட்டும் சொல்லவைத்தால் விளையாட்டு ஊகமாகிவிடும். ஒவ்வொரு குழுவுக்கும் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, ‘மழை’, ‘மழையில்லை’ என்று இரண்டு கொட்டாங்கச்சியில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு கொட்டை. மறுநாள், தவறான கொட்டாங்கச்சியில் கிடக்கும் கொட்டைகளை எண்ணி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்குங்கள். அதுதான் அபராதம். மழைக்கு ஏழும் எதிர்ப்பக்கம் மூன்றும் போட்ட குழுவுக்கு, மழை வந்தால் 9, வராவிட்டால் 49. பத்தையும் ஒரே பக்கம் போட்டால் 0 அல்லது 100. ஐந்துக்கு ஐந்து போட்டால் என்ன நடந்தாலும் 25. வாரக் கடைசியில் குறைந்த அபராதம் வாங்கிய குழு வெல்லும். அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-இல் முன்வைத்த மதிப்பெண் முறையின் எளிய வடிவம் இது. வானிலை மையங்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன.

ஏன் தன்னாலேயே பெருக்க வேண்டும், கொட்டையை அப்படியே எண்ணினால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மழைக்குப் பத்துக்கு ஏழு வாய்ப்பு என்று மனதார நினைக்கும் குழு, இதே மாதிரி பத்து நாளில் என்ன வாங்கும்? வெறும் எண்ணிக்கை என்றால், பத்தையும் மழைக்கே போட்டுவிட்டால் மூன்று நாள் மட்டும் பத்துப் பத்தாக 30 அபராதம். நேர்மையாக ஏழும் மூன்றும் போட்டாலோ ஏழு நாள் மூன்று, மூன்று நாள் ஏழு, மொத்தம் 42. அதாவது பொய் சொல்பவருக்கு லாபம். பெருக்கிப் பார்த்தால், எல்லாவற்றையும் போட்டவருக்கு மூன்று நாள் நூறு நூறாக 300, நேர்மையாகப் போட்டவருக்கு 63-உம் 147-உம் சேர்ந்து 210. நினைத்ததை அப்படியே போடுவதுதான் லாபம் என்று ஆகிவிடுகிறது.

ஐந்து குழுவோடு ஆளில்லாத இரண்டு போட்டியாளரையும் சேர்த்துவிடுங்கள். ஒருவர் ‘பழைய கணக்கு’. தினமும் கண்ணை மூடிக்கொண்டு மழைக்கு நான்கு கொட்டை போடுவார், ஏனென்றால் டெல்டாக் கடலோரத்தில் நவம்பரில் ஏறக்குறைய பத்து நாளுக்கு நாலு நாள் மழை நாள். இன்னொருவர் ‘நேற்றைப் போல’. நேற்று மழை நாள் என்றால் பத்தும் மழைக்கு, இல்லையென்றால் பத்தும் எதிர்ப்பக்கம். பிள்ளைகளின் கணிப்பில் திறமை இருக்கிறதா என்பது இந்த இருவரையும் வெல்வதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டுக்கு ஒரு வாரத்தில் மானி காட்டிய மழை 0, 12, 31, 1.2, 0, 0, 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.2 எல்லைக்குக் கீழே, ஆகவே மழை நாள் மூன்று. ‘பழைய கணக்கு’ மழை நாளுக்கு 36 வீதம் 108, மற்ற நாலு நாளுக்கு 16 வீதம் 64, மொத்தம் 172 வாங்கும். ‘நேற்றைப் போல’, வாரத்துக்கு முந்தைய நாள் மழையில்லை என்றால், மழை தொடங்கிய இரண்டாம் நாள், விட்ட நாலாம் நாள், திரும்ப வந்த ஏழாம் நாள் என மூன்று முறை தவறி 300 வாங்கும். ஒரு குழு தினமும் மழைக்குப் போட்ட கொட்டை 2, 6, 8, 6, 3, 3, 5 என்றால் அதன் அபராதம் 4, 16, 4, 36, 9, 9, 25, ஆக 103. ஒரு நாளும் பத்தை ஒரே பக்கம் வைக்காத குழு அது. பத்தும் போட்டு அடித்துவிட்டு ஆர்ப்பரிக்கும் குழு ஒன்று எப்போதும் இருக்கும். அது ஒரே ஒரு முறை தவறினாலும் நூறு சேர்ந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே கண்டுகொள்வார்கள்.

கைபேசியில் அறிக்கையைப் பார்த்துச் சொல்வதைத் தடுக்க வேண்டியதில்லை. வரிசையை மட்டும் ஒழுங்குசெய்யுங்கள். முதலில் தங்கள் பதிவேட்டையும் வானத்தையும் பார்த்துக் கொட்டை போட்டு, எண்ணிக்கையை நீல மையில் எழுதட்டும். பிறகு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையை வாசித்துவிட்டு, மாற்ற விரும்பினால் சிவப்பில் எழுதட்டும். இரண்டுக்கும் தனித்தனி அபராதம். அந்த அறிக்கையை வாசிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் நிலையங்களில் கால்வாசிக்குள் மழை என்று பொருள், ‘ஒரு சில இடங்களில்’ என்றால் கால் முதல் பாதி, ‘பல இடங்களில்’ என்றால் பாதி முதல் முக்கால், ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்காலுக்கு மேல். ஆக ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்பதைக் கேட்டு எட்டுக் கொட்டை போடும் பிள்ளை அறிக்கையைத் தவறாக வாசித்திருக்கிறது. அதற்கு ஒன்றோ இரண்டோதான். ‘பல இடங்களில்’ என்றால் ஆறு, ‘பெரும்பாலான’ என்றால் எட்டு ஒன்பது. இது தோராயம்தான், ஏனென்றால் அறிக்கையே தவறும் வாய்ப்பை இதில் சேர்க்கவில்லை. தமிழகம் முழுமைக்குமான வரியை விட்டுவிட்டு டெல்டா மாவட்டங்களுக்கான வரியை மட்டும் எடுக்கவும் கவனியுங்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். மழை அளவு, காற்றுத் திசை, அபராதக் கணக்கு ஆகியவற்றை நம்பலாம். உங்கள் கருவிகளை மட்டும் பார்த்து நாளை மழையைச் சொல்வது சந்தேகமான வேலை. வங்கக் கடலில் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகும் தாழ்வுநிலையை ஊர் முற்றத்து மானி அறியாது. நேற்றைய மழை கொஞ்சம் உதவும். காலைக் காற்றின் திசை வழக்கத்தைவிட்டு மாறுவதும், அழுத்தம் ஒரே நாளில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்குவதும் கவனிக்கத்தக்கவை. இவற்றை நம்பி ஒன்றிரண்டு கொட்டை நகர்த்தலாம், பத்தையும் நகர்த்த முடியாது. ஏழு நாள் முடிவை வைத்து இந்தக் குழுதான் கெட்டி என்றும் சொல்ல முடியாது, அதிர்ஷ்டத்தின் பங்கு அதில் பெரிது. பரிசு கொடுப்பதென்றால் பதிவேட்டை ஒரு நாளும் விடாமல் எழுதிய குழுவுக்கும் ஒன்று வையுங்கள்.

இடி கேட்கும்போது யாரும் மானிக்கோ மாடிக்கோ போகக் கூடாது. கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் கழித்து அளந்தால் போதும், தண்ணீர் எங்கும் போய்விடாது. மழை விடுமுறை விட்டால் நூலகத்துக்கு மிக அருகில் இருக்கும் வீட்டில் ஒரு பெரியவரிடம் அளக்கும் பொறுப்பைக் கொடுங்கள், பிள்ளைகள் கொட்டை எண்ணிக்கையைத் தொலைபேசியில் சொல்லட்டும். அந்த வாரம் முழுக்க வெயில் அடித்துவிடும் என்று தெரிந்தால் கேள்வியை மாற்றுங்கள்: நாளைக் காலை 8:30-க்குக் காற்று வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட பக்கத்திலிருந்து வருமா, வராதா? கொட்டையும் அபராதமும் அப்படியே இருக்கலாம். ‘பழைய கணக்கு’ மட்டும் நான்குக்குப் பதிலாக ஐந்து போடட்டும்.